பாஸ்போர்ட்டைப் பார்க்கும் சட்டம்

திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்தில், விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்காக மாலைநேரப் பாடசாலை நடத்தும் சிறு அறக்கட்டளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் போன அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். அண்ணன் இன்றும் இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார். தம்பி நாலு வருஷத்துக்கு முன்பு சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார். ஊர், குடும்பம், தொகை எல்லாம் ஒன்றுதான். ஆனால் அண்ணன் கொடுத்தது சாதாரண நன்கொடை. தம்பி கொடுத்தது, அறக்கட்டளை உரிய பதிவில்லாமல் வாங்கியிருந்தால், குற்றம். குற்றம் வாங்கியவர் பேரில், கொடுத்தவர் பேரில் அல்ல.

வெளிநாட்டு நன்கொடை என்றதும் டாலரும் பவுண்டும் நம் நினைவுக்கு வரும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் நாணயத்தைப் பார்ப்பதில்லை. கொடுப்பவர் யார் என்று மட்டுமே பார்க்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். வெளிநாட்டு அரசு, வெளிநாட்டில் பதிவான கம்பெனி, வெளிநாட்டு டிரஸ்ட், வெளிநாட்டுக் குடிமகன் ஆகியோர் இதன் கணக்கில் 'வெளிநாட்டு மூலம்'. தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது ஏ.டி.எம்.மில் எடுத்த இந்திய ரூபாயைக் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதும் உதவாது. அந்த அட்டை விசா இல்லாமல் வந்துபோக வழி செய்யும், குடியுரிமை தராது.

அண்ணன் விஷயத்திலும் ஒரு கவனம் வேண்டும். அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியில் அனுப்பும் வரை சிக்கலில்லை. சிங்கப்பூரில் அவர் ஒரு கம்பெனி நடத்தி, அந்தக் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பினால், கொடுத்தது கம்பெனி. கம்பெனிக்கு இந்திய பாஸ்போர்ட் கிடையாது. அதனால் விவரம் தெரிந்த பொருளாளர்கள் வெளிநாடு வாழ் இந்தியரிடம் நன்கொடை வாங்கும்போது, பாஸ்போர்ட் நகலையும், 'நான் இந்தியக் குடிமகன், இது என் சொந்தச் சேமிப்பு' என்று ஒரு கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வருஷம் கழித்து விசாரணை வந்து, அந்தக் கடிதத்தைத் தேடி சிங்கப்பூருக்குப் போன் போடுவது இதைவிடச் சங்கடம்.

இந்தச் சிக்கலைச் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் உடனே ஒரு யோசனை பிறக்கும். "அண்ணே, நான் அம்மா கணக்குக்கு அனுப்பிடறேன். அம்மா கொடுத்த மாதிரி இருந்துட்டுப் போகட்டும்." சட்டம் எழுதியவர்கள் இதையும் முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். வெளிநாட்டு மூலத்திடமிருந்து ஒருவர் பெற்றதை அவர் நேரடியாகக் கொடுத்தாலும், இன்னும் இரண்டு மூன்று கை மாறி வந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்று சட்ட விளக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவின் பெயரில் வருவது தம்பியின் பணமாக இருக்கும் வரை பெயர் மாறியதால் பயனில்லை.

இப்போதெல்லாம் சிறு அமைப்புகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் க்யூ.ஆர். குறியீடுதான். அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் பகிர்கிறார்கள். குழுவில் மலேசியக் குடிமகன் ஒருவர், அமெரிக்கக் குடிமகள் ஒருவர். இந்திய வங்கிக் கணக்கு வைத்திருக்கும் அவர்கள் ஆசையோடு இரண்டாயிரம், மூன்றாயிரம் போட்டுவிடுகிறார்கள். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இந்தச் சட்டத்தில் அமைப்புகளுக்கு இல்லை, ஐந்நூறு ரூபாயும் கணக்கில் வரும். க்யூ.ஆர். பகிரும் ஒவ்வொரு இடத்திலும் 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்று எழுதுவதும், இணையத்தில் நன்கொடை வாங்கினால் பாஸ்போர்ட் நாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பணம் செலுத்தும் பக்கத்துக்கு விடுவதும் குறைந்தபட்சத் தற்காப்பு. இதையும் மீறி வந்துவிட்டால் செலவழிக்காமல், வந்த வழியிலேயே திருப்பி அனுப்பி, எழுத்தில் பதிவு வைத்து, ஆடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும். நீதிமன்றம் போகாமல் அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. மறைத்து வைப்பதுதான் சின்னத் தவறைப் பெரிதாக்கும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? இந்தச் சட்டம் முதலில் வந்தது 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில். வெளிநாட்டுப் பணம் இந்திய அரசியலில் புகுந்துவிடக்கூடாது என்பது அன்றைய கவலை. 2010-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020 செப்டம்பரில் செய்த திருத்தங்கள் அதை இன்னும் இறுக்கின. இதைக் கையாள்வது நிதி அமைச்சகமோ சமூகநலத் துறையோ அல்ல, மத்திய உள்துறை அமைச்சகம். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்ற விதிகளின் தொனி புரிந்துவிடும். வருமான வரித் துறையின் 80ஜி சான்றிதழ் இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அது உள்நாட்டு நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தருவதற்கானது. இந்தச் சட்டத்தின் முன் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

சரி, தம்பியின் பணத்தை முறையாக வாங்க வேண்டும். அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று முழுப் பதிவு. கிடைத்தால் ஐந்து வருஷத்துக்கு எந்த வெளிநாட்டு நன்கொடையாளரிடமிருந்தும் வாங்கலாம். இன்னொன்று முன்அனுமதி. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒருமுறை தரப்படுவது.

முழுப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். 2020-க்கு முன் இது 10 லட்சமாக இருந்தது. இந்த 15 லட்சத்தில்தான் சிறு அமைப்புகள் தடுக்கி விழுகின்றன. நம் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். முதல் வருஷம் 4 லட்சம், அடுத்து 5 லட்சத்து 20 ஆயிரம், அதற்கடுத்து 6 லட்சத்து 10 ஆயிரம். கூட்டினால் 15 லட்சத்து 30 ஆயிரம். தேறிவிட்டோம் என்று பொருளாளர் நினைக்கிறார். ஆடிட்டர் வரவுசெலவு அறிக்கையைப் பிரித்துப் பார்க்கிறார். அலுவலக வாடகை, கணக்கெழுதுபவர் சம்பளம், தணிக்கைக் கட்டணம் என மூன்று வருஷத்திலும் சேர்ந்து 1 லட்சத்து 40 ஆயிரம் நிர்வாகச் செலவு. பணிக்கான செலவில் இவை சேராது. மீதி 13 லட்சத்து 90 ஆயிரம்தான்.

இந்த இடத்தில் இரண்டு வழிகள். வகுப்பறைக்காக வாங்கிய கட்டடம், வாகனம், உபகரணம் போன்ற சொத்துச் செலவு ஏதேனும் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். பதிவு நீடிக்கும் வரை அந்தச் சொத்தை வேறு காரியத்துக்குத் திருப்பமாட்டோம் என்று தலைமைப் பொறுப்பாளர் உறுதிமொழி தர வேண்டும். அப்படிச் சொத்து எதுவும் இல்லையென்றால் இன்னொரு வருஷம் பொறுத்திருப்பது, அல்லது முன்அனுமதி கேட்பது. முன்அனுமதிக்கு மூன்று வருஷ வயதும் 15 லட்சமும் கட்டாயமில்லை. தம்பியிடமிருந்து, இந்த வேலைக்காக இவ்வளவு தருகிறேன் என்று தொகை போட்ட உறுதிக் கடிதம் வேண்டும். அந்தப் பணத்தில் என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டம் வேண்டும். ஒரே நன்கொடையாளர் இருக்கும் சின்ன அமைப்புக்கு என் பார்வையில் இதுவே பொருத்தமான வாசல். ஆனால் முன்அனுமதி வாங்கிய பிறகு தம்பியின் நண்பர் ஒருவர் தானும் தருகிறேன் என்று வந்தால் வாங்க முடியாது. அவருக்காகத் தனியாகக் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான், fcraonline.nic.in தளத்தில். பதிவுக்கு FC-3A, முன்அனுமதிக்கு FC-3B, புதுப்பிப்பதற்கு FC-3C. அதற்கு முன் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் அமைப்பைப் பதிந்து ஓர் அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம், மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை, மூன்று வருஷப் பணி அறிக்கை, பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரின் உறுதிமொழிப் பத்திரம், அவர்களுடைய ஆதார். ஆதார் விஷயத்தில் 2022 ஏப்ரல் 8-ஆம் தேதி நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தளர்வு தந்தது. 2020 திருத்தங்களைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பில், ஆதாருக்குப் பதிலாக இந்திய பாஸ்போர்ட்டையும் காட்டலாம் என்றது.

ஆவணங்களில் அதிகம் தகராறு செய்வது பெரிய விஷயங்கள் அல்ல. பத்திரத்தில் அறங்காவலர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பான் அட்டையில் இரண்டும் கலந்து வேறு மாதிரி. தமிழ்நாட்டு இனிஷியலுக்கும் இணையப் படிவங்களுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. விண்ணப்பிக்கும் முன் எல்லாப் பொறுப்பாளர்களின் அட்டைகளையும் ஒரு மேஜையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது பல மாதங்களை மிச்சமாக்கும். அனுப்பிய பிறகு விசாரிக்க உள்ளூருக்கே அதிகாரி வருவதுண்டு. பாடசாலை உண்மையில் நடக்கிறதா, பொறுப்பாளர்கள் யார், கணக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். வருகைப் பதிவேடும் ரசீதுப் புத்தகமும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இல்லாமல் அலுவலகத்தில் இருந்தால் நல்லது.

அடுத்தது வங்கிக் கணக்கு. இந்தியாவில் எந்த மூலையில் இருக்கும் அமைப்பானாலும், வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: புதுதில்லி, சன்சத் மார்க், ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா முதன்மைக் கிளை. 2020 திருத்தம் கொண்டுவந்தது இது. அதுவரை உள்ளூர் வங்கியிலேயே வாங்கிக்கொண்டிருந்த அமைப்புகளுக்கு 2021 மார்ச் 31 வரை என்று கெடு வைத்து, பிறகு அதை ஜூன் 30 வரை நீட்டினார்கள். கணக்கு திறக்க யாரும் தில்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்டேட் பேங்க் கிளை வழியாகவே ஆவணங்களைக் கொடுத்துத் திறந்துகொள்ளலாம். அந்தக் கணக்கு எண்ணை விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும்.

தில்லிக் கணக்கில் விழுந்த பணத்தை உள்ளூரில் உங்களுக்குச் சௌகரியமான வங்கியில் வேறொரு எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு திறந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து செலவுக் கணக்குகளுக்கும் பிரிக்கலாம். தண்ணீர் மேட்டுத் தொட்டியில் ஏறி, பிறகு குழாய்களுக்குப் பிரிவது போலத்தான். குழாய் வழியாக நேரே தொட்டிக்குள் ஊற்ற முடியாது. அதாவது தம்பி திருவாரூரில் இருக்கும் செலவுக் கணக்கின் எண்ணை வைத்துக்கொண்டு நேரே அங்கே அனுப்பிவிட்டால் அது விதிமீறல். அவருக்குத் தெரிய வேண்டியது தில்லிக் கணக்கு எண் மட்டுமே. மற்றவற்றைச் சொல்லாமலே இருப்பது உத்தமம். புதிதாகச் செலவுக் கணக்கு திறந்தால் 45 நாட்களுக்குள் FC-6D படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை வந்த 48 மணி நேரத்துக்குள் வங்கியும் அரசுக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. நீங்கள் சொல்வதற்கு முன்பே அங்கே தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்குகளில் வெளிநாட்டு நன்கொடையும் அதற்கு வரும் வட்டியும் தவிர வேறு எந்தப் பணமும் கலக்கக்கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஒரு மாதக் கடைசியில் இது எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். ஆசிரியைகள் மூன்று பேருக்கு ஆளுக்கு 10 ஆயிரம், மொத்தம் 30 ஆயிரம் மதிப்பூதியம் போக வேண்டும். செலவுக் கணக்கில் இருப்பது 22 ஆயிரம். தில்லியிலிருந்து மாற்றச் சொல்லியிருக்கும் பணம் இரண்டு நாளில் வந்துவிடும். ஆடிப்பெருக்கு நெருங்குகிறது, ஆசிரியைகளைக் காக்கவைக்க மனமில்லை. பொருளாளர் உள்ளூர் நன்கொடைக் கணக்கிலிருந்து 8 ஆயிரத்தை செலவுக் கணக்குக்கு மாற்றி, முப்பதாயிரத்தையும் கொடுத்துவிடுகிறார். இரண்டு நாள் கழித்து 8 ஆயிரத்தைத் திருப்பி எடுத்துவிடுகிறார். யாருடைய காசும் போகவில்லை. ஆனாலும் வங்கி அறிக்கையில் இரண்டு வரிகள் நிரந்தரமாக நிற்கும். உள்நாட்டுப் பணம் வெளிநாட்டுக் கணக்குக்குள் வந்தது ஒன்று, வெளிநாட்டுக் கணக்கிலிருந்து உள்நாட்டுக் கணக்குக்குப் போனது இன்னொன்று. இரண்டும் மீறல்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு ஆசிரியைகளுக்கு 20 ஆயிரத்தை வெளிநாட்டு நன்கொடைச் செலவுக் கணக்கிலிருந்தும், மூன்றாமவருக்கு 10 ஆயிரத்தை உள்ளூர்க் கணக்கிலிருந்து நேரடியாகவும் கொடுத்து, அந்தந்தக் கணக்குப் புத்தகத்தில் அப்படியே எழுதியிருக்க வேண்டும். அந்த மாதம் ஒரு சம்பளம் உள்ளூர்ச் செலவு, அவ்வளவுதான். இரு கணக்குகளுக்கும் இடையே கைமாற்று என்பதே இருக்கக்கூடாது. இதற்காகவே காசோலைப் புத்தகங்களுக்கு வெவ்வேறு நிறத்தில் அட்டை போட்டு வைக்கலாம், வவுச்சர்களுக்கும் தனி வரிசை எண் கொடுக்கலாம். வெளிநாட்டு நன்கொடையில் வாங்கிய கம்ப்யூட்டரைப் பழசான பிறகு விற்றால் அந்தப் பணமும் இந்தப் பக்கத்துக்கே வந்து சேர வேண்டும்.

பணத்தைச் சும்மா போட்டு வைக்க வேண்டியிருந்தால் வங்கி வைப்புநிதியில் போடலாம். பங்குச் சந்தைப் பக்கம், அதைச் சார்ந்த மியூச்சுவல் ஃபண்டு உட்பட, போகக்கூடாது.

2020 திருத்தத்தில் சிறு அமைப்புகளை உண்மையிலேயே நோகடித்தது தில்லிக் கணக்கு அல்ல என்பது என் எண்ணம். வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை வேறெந்த அமைப்புக்கும் கொடுக்கக்கூடாது என்ற ஏழாம் பிரிவுதான். அதற்கு முன் சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் நிதி திரட்டி, பதிவு பெற்ற கிராமத்து அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும். ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதத் தெரியாத, வெளிநாட்டில் யாரையும் அறியாத சின்ன அமைப்புகள் அப்படித்தான் பிழைத்தன. இன்றைக்குக் கொடுப்பவர், பெறுபவர் இருவருமே பதிவு பெற்றிருந்தாலும் கொடுக்க முடியாது. சொந்தமாக நன்கொடையாளரைத் தேடிக்கொள்ள வேண்டும், அல்லது உள்ளூர்ப் பணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி வருஷாந்திரக் கணக்கு. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்ததும், அதிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள் FC-4 படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு இருக்கும் வரை ஒவ்வொரு வருஷமும் கட்டாயம். அந்த வருஷம் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றாலும், வரவில்லை என்று தாக்கல் செய்ய வேண்டும். அப்படி வெறும் கணக்கானால் ஆடிட்டர் சான்றிதழ் தேவையில்லை. வந்திருந்தால் ஆடிட்டர் சான்றிதழோடு வரவுசெலவு அறிக்கை, பெறுதல் கொடுத்தல் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு மூன்றும் இணைய வேண்டும். ஒன்றும் வரவில்லையே, எதற்கு என்று விட்டவர்கள்தான் பெரும்பாலும் பதிவை இழந்தார்கள். தொடர்ந்து மூன்று வருஷம் கணக்கு தரவில்லை என்று 2015 ஏப்ரலில் ஒரே மூச்சில் சுமார் 9,000 அமைப்புகளின் பதிவு ரத்தானது.

நம் பாடசாலைக்குப் பதிவு கிடைத்து முதல் வருஷம் ஓடிவிட்டது என்று கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தம்பி இரண்டு தவணையாக 6 லட்சம் அனுப்பினார். வட்டி 6 ஆயிரம். மொத்தம் 6 லட்சத்து 6 ஆயிரம். ஆசிரியைகளுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், புத்தகத்துக்கும் பிள்ளைகளின் சுண்டலுக்கும் 84 ஆயிரம். நிர்வாகத்தில் அலுவலக வாடகை 48 ஆயிரம், கணக்கெழுதுபவருக்கு 60 ஆயிரம், போனும் மின்சாரமும் 18 ஆயிரம், தணிக்கைக்கு 15 ஆயிரம், ஆக 1 லட்சத்து 41 ஆயிரம்.

அந்த வருஷம் வந்த நன்கொடையில் நூற்றுக்கு 20-க்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடாது என்பது விதி. 2020-க்கு முன் இது 50 ஆக இருந்தது. 6 லட்சத்தில் 20 விழுக்காடு 1 லட்சத்து 20 ஆயிரம். 21 ஆயிரம் உதைக்கிறது. மேலே போக வேண்டுமானால் அரசிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். சின்ன அமைப்பு செய்யக்கூடியது, அந்த 21 ஆயிரத்தை உள்ளூர் நன்கொடையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது. ஆனால் இது மார்ச் மாதத்துக்குள் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரலில் ஆடிட்டர் சொல்லித் தெரிந்தால் பணம் ஏற்கெனவே தவறான கணக்கிலிருந்து போயிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஒரு விகிதத்தை மட்டுமாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

எது நிர்வாகச் செலவு, எது பணிச் செலவு என்பதில்தான் வாக்குவாதம் வரும். விதி சொல்வதன் சாரம்: நிர்வாகத்துக்காக வைத்த ஆட்களின் சம்பளம், அலுவலக வாடகை, மின்கட்டணம், தபால், எழுதுபொருள், கணக்கு, சட்டச் செலவு எல்லாம் நிர்வாகம். அமைப்பின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றுபவரின் சம்பளம், பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் போல, நிர்வாகம் அல்ல. ஆகவே ஆசிரியையின் 10 ஆயிரம் அந்த 20 விழுக்காட்டுக்கு வெளியே. தொல்லை ஒருங்கிணைப்பாளரால் வரும். அவர் காலையில் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பார், மாலையில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவார். வேலைக்கு எடுத்த கடிதத்திலேயே எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதி, நேரப் பதிவேடும் வைத்திருந்தால் பேச இடமுண்டு. 'ஒருங்கிணைப்பாளர் சம்பளம்' என்று மொட்டையாக எழுதினால் மொத்தமும் நிர்வாகத்தில் போய்விழும்.

நிர்வாகத்தை 1 லட்சத்து 20 ஆயிரத்தில் நிறுத்திவிட்டால் மொத்தச் செலவு 5 லட்சத்து 64 ஆயிரம். மீதி 42 ஆயிரம். மார்ச் 31 அன்று தில்லிக் கணக்கு, உள்ளூர் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு, செலவுக் கணக்கு, கையிருப்பு நான்கையும் கூட்டினால் இந்த 42 ஆயிரம் வர வேண்டும். வரவில்லை, 52 ஆயிரம் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் மார்ச் 29-இல் கொடுத்த ஆசிரியையின் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. அதைச் சரிக்கட்டும் குறிப்பு இல்லாமல் தாக்கல் செய்தால் அடுத்த வருஷ ஆரம்ப இருப்பும் இடிக்கும். முந்தைய வருஷ முடிவு இருப்பும் இந்த வருஷ ஆரம்ப இருப்பும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்துகிறதா என்பதைத்தான் பார்ப்பவர் முதலில் பார்ப்பார்.

படிவத்தில் நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, நாடு, நோக்கம், தொகை கேட்கப்படும். வட்டியைத் தனியாகக் காட்ட வேண்டும். தம்பி வேலை செய்யும் கம்பெனி நாலு பழைய லேப்டாப்பைப் பிள்ளைகளுக்காக அனுப்பியிருந்தால் அதுவும் வெளிநாட்டு நன்கொடைதான். பொருளாக வந்தது என்று மதிப்போடு காட்ட வேண்டும், பதிவேட்டில் எங்கே இருக்கிறது என்றும் இருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கைத் தன் இணையதளத்திலோ அரசு குறிப்பிடும் தளத்திலோ அதே ஒன்பது மாதத்துக்குள் பொதுமக்கள் பார்க்கவும் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று முன்பு இருந்த விதியை 2022 ஜூலையில் நீக்கிவிட்டார்கள்.

வருஷக் கணக்குக்கு வெளியேயும் சில விஷயங்களுக்குக் கடிகாரம் ஓடுகிறது. அறங்காவலர் ஒருவர் காலமானாலோ விலகினாலோ, பொறுப்பாளர் மாற்றத்தை 45 நாளில் FC-6E வழியாகச் சொல்ல வேண்டும். கிராமத்து அறக்கட்டளைகளில் தலைவர் மாறிய விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், அமைச்சகத் தளத்தில் மட்டும் பழைய தலைவரே இருப்பார். புதுப்பிக்கும் சமயத்தில் இது வெளியே வரும்.

பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான். முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். குறைந்தது நாலு மாதம் முன்னதாகவே அனுப்புங்கள் என்று 2025 ஏப்ரலில் அமைச்சகம் அறிவுறுத்தியது. கெடு தாண்டினால் சன்சத் மார்க் கணக்கில் வாங்கவும் முடியாது, ஏற்கெனவே இருப்பதைச் செலவழிக்கவும் முடியாது. 2022 ஜனவரி 1-ஆம் தேதி காலையில் இப்படிப் பதிவு செல்லாமல் போன அமைப்புகள் சுமார் 6,000. அவற்றில் கணிசமானவை புதுப்பிக்க விண்ணப்பிக்கவே இல்லை. நம் பாடசாலையின் சான்றிதழில் முடிவு தேதி மார்ச் 31 என்று இருந்தால், பொறுப்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்களைத் தயார் செய்ய ஆயுத பூஜை வாக்கில் உட்கார்ந்து, நவம்பருக்குள் FC-3C-ஐ அனுப்பிவிட வேண்டும். அந்த வருஷத்து FC-4 டிசம்பர் வரை காத்திருக்கட்டும் என்று விடாமல் அதையும் முன்கூட்டியே முடித்துவிட்டால், புதுப்பிக்கும் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்குக் கேட்க ஒரு கேள்வி குறையும்.